பத்தாம் வகுப்புக் கணக்குக்கு ஓர் ஆள் வேண்டும்: வாட்ஸப் குழுவில் எப்படிக் கேட்பது?

மாடிவகுப்பு | 9 ஜூன் 2025, இரவு 10.40

வியாசர்பாடி எம்.கே.பி. நகரில் மாலை வகுப்பு நடத்துகிறோம். முதல் மாடியில் இரண்டு அறை. ஆறாவதிலிருந்து பத்தாவது வரை பிள்ளைகள் வருகிறார்கள், எல்லோரும் அரசுப் பள்ளி, தமிழ் வழி. கணக்கு எடுத்துக்கொண்டிருந்தவருக்குக் கோயம்புத்தூருக்கு மாற்றலாகிவிட்டது. பள்ளி திறந்து ஒரு வாரம் ஆகிறது, பத்தாம் வகுப்பில் ஒன்பது பேர் கணக்குக்கு ஆள் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறார்கள்.

எங்கள் குழுத் தலைவர் எழுதிக்கொடுத்ததைப் பல குரூப்பில் போட்டாயிற்று. இதுதான்:

> அன்பார்ந்த நண்பர்களுக்கு வணக்கம்! கல்வியே அழியாச் செல்வம். ஏழை எளிய மாணவர்களின் வாழ்வில் ஒளியேற்றும் உன்னதப் பணியில் கடந்த பல ஆண்டுகளாக ஈடுபட்டு வரும் எமது மையத்திற்கு, சேவை மனப்பான்மை கொண்ட தன்னார்வலர்கள் மற்றும் பகுதிநேர ஆசிரியர்கள் தேவைப்படுகிறார்கள். அனைத்துப் பாடங்களும். ஆர்வமுள்ளோர் தொடர்பு கொள்ளவும். அதிகம் பகிரவும்!

கூடவே பிள்ளைகள் வரிசையாக நிற்கும் போட்டோ. வந்தது முழுக்கக் கும்பிட்ட கை. "வாழ்த்துகள் சார்", "சிறப்பு", "தங்கள் பணி தொடரட்டும்". ஒரு ஆளும் வரவில்லை. இன்னும் விவரமாக, உருக்கமாக எழுத வேண்டுமா? அல்லது சென்னையில் யாருக்கும் நேரமே இல்லையா?

ஓஎம்ஆர்வாசி | 9 ஜூன், இரவு 11.05

ரீச் பிரச்சினை. ஒரு வாட்ஸப் குரூப்பில் ஆயிரத்து இருபத்து நாலு பேர் வரை சேர்க்கலாம். ஐடி கம்பெனிகளில் இருக்கிற சமூகசேவைக் குரூப்புகள் பத்தைப் பிடியுங்கள், ஆங்கிலத்தில் எழுதுங்கள், கூகுள் ஃபார்ம் வைத்து விவரம் எல்லாம் வாங்கிவிடுங்கள். நூறு பேர் நிரப்பினால் ரெண்டு பேராவது தேறுவார்கள். எளிய கணக்கு.

கோடம்பாக்கம் அம்மா | 10 ஜூன், காலை 6.20

எங்கள் பெண் ஒன்பதாவது. கணக்கில் ரொம்ப வீக். உங்கள் வகுப்பில் இடம் இருக்கிறதா? ஃபீஸ் எவ்வளவு?

மாடிவகுப்பு | 10 ஜூன், காலை 7.15

அம்மா, கணக்கு சொல்லித்தர எங்களிடமே ஆள் இல்லை. அதற்குத்தான் இந்தப் புலம்பல்.

ஏழாவது மாடி | 10 ஜூன், காலை 9.30

நான் பெரும்பாக்கத்தில் மாலை வகுப்பு ஒருங்கிணைக்கிறேன், வருஷம் பல ஆகிறது. உங்கள் செய்தியைப் படித்தேன். அது ஆள் கேட்கவே இல்லை. உங்கள் மையத்தைப் பாராட்டச் சொல்லிக் கேட்கிறது, மக்களும் பாராட்டிவிட்டுப் போய்விட்டார்கள். கேட்டது கிடைத்துவிட்டது.

படிக்கிறவர் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். பெரம்பூரில் ஒரு பேங்க் ஊழியர், வீட்டுக்கு ஆறு மணிக்கு வருகிறார், கணக்கு நன்றாக வரும். உங்கள் செய்தியைப் பார்த்ததும் அவர் மனதில் எழும் கேள்விகள் நாலைந்துதான். எந்த வகுப்பு? எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு? எங்கே? எவ்வளவு காலத்துக்கு? இதில் எதற்கும் பதில் இல்லை. "அனைத்துப் பாடங்களும்" என்றால் நமக்கு எல்லாம் சொல்லித்தரத் தெரியணும் போலிருக்கிறது என்று நினைப்பார். "சேவை மனப்பான்மை" என்றால் வாழ்நாள் முழுக்க மாட்டிக்கொள்வோம் என்று நினைப்பார். அப்புறம் பார்க்கலாம் என்று நகர்ந்துவிடுவார். அந்த அப்புறம் வராது.

எதற்கெல்லாம் ஆள் தேவையோ எல்லாவற்றையும் ஒரே செய்தியில் கேட்காதீர்கள். ஒரு செய்திக்கு ஒரு காலியிடம். இப்போது பத்தாம் வகுப்புக் கணக்கு. அது நிரம்பியதும் ஆங்கிலம்.

இன்னொன்று, முடியும் தேதி. "ஜூலையிலிருந்து காலாண்டுத் தேர்வு வரை" என்று கேட்டால் சரி சொல்கிறவர், "தொடர்ந்து வாருங்கள்" என்றால் சொல்ல மாட்டார். வந்தவர்களில் பாதிப் பேர் காலாண்டுக்கு அப்புறமும் இருப்பார்கள், அது வேறு விஷயம். ஆனால் கேட்கும்போது கதவு எங்கே இருக்கிறது என்று காட்டிவிட்டுக் கேட்க வேண்டும்.

பிள்ளைகள் போட்டோவை எடுத்துவிடுங்கள். அந்தப் படம் எங்கே எல்லாம் போகிறது என்று உங்களுக்குத் தெரியவே தெரியாது. அந்த ஒன்பது பேரில் ஒரு பெண்ணின் அப்பா "ஏழை எளிய" என்ற வரிக்குக் கீழே தன் மகள் முகத்தைப் பார்த்தால் என்ன நினைப்பார்?

ஓஎம்ஆர்வாசி | 10 ஜூன், காலை 10.10

ஃபார்ம் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே?

ஏழாவது மாடி | 10 ஜூன், காலை 10.45

ஃபார்ம் நல்லதுதான் தம்பி, வேலைக்கு விண்ணப்பம் வாங்கும்போது. இங்கே ஆள் இன்னும் ஒப்புக்கொள்ளவே இல்லை. பெயர், முகவரி, படிப்பு, "ஏன் சேர விரும்புகிறீர்கள்" என்று நீளும் பக்கத்தைப் பார்த்தால் வேலை முடித்துவிட்டு வந்தவர் மூடிவிடுவார். நிரப்புகிறவர் பெரும்பாலும் ஃபார்ம் நிரப்பப் பிடித்தவர். எங்களிடம் ஒரு வருஷம் நிரம்பி வழிந்த ஷீட் இருந்தது. வகுப்புக்கு வந்தவர்கள் ஒரு ஆட்டோவில் அடங்குவார்கள்.

ஆள் சரி என்று சொல்லி, நேரில் வந்து பார்த்த பிறகு ஃபார்ம் கொடுங்கள். முகவரியும் அடையாள அட்டை நகலும் அப்போது வேண்டும்தான்.

மாடிவகுப்பு | 10 ஜூன், இரவு 9.50

ஒரு விஷயம் பார்த்தேன். குரூப்பில் நாம் போட்ட செய்தியை அழுத்திப் பிடித்து Info தொட்டால் யார் யார் படித்தார்கள் என்று வருகிறது. எங்கள் பெரம்பூர் அபார்ட்மென்ட் குரூப்பில் கிட்டத்தட்ட எல்லோருமே படித்திருக்கிறார்கள். ஆக ரீச் இல்லை என்று சொல்ல முடியாது. படித்துவிட்டுத்தான் கும்பிட்டிருக்கிறார்கள்.

ஆனால் அக்கா சொல்கிற மாதிரி வணக்கம் கூட இல்லாமல் "கணக்குக்கு ஆள் வேண்டும், செவ்வாய் வியாழன்" என்று எழுதினால் விளம்பரம் மாதிரி இருக்காதா? தலைவர் ஒத்துக்கொள்ள மாட்டார். அவருக்குக் "கல்வியே அழியாச் செல்வம்" இல்லாமல் செய்தி கிடையாது.

பணம் பற்றியும் சொல்லுங்கள். மாதம் 1,500 வரை எங்களால் தர முடியும். அதை எழுதலாமா, நேரில் சொல்லலாமா?

ஓய்வுபெற்ற வாத்தியார் | 11 ஜூன், காலை 5.40

நான் கணக்கு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். கொளத்தூரில் இருக்கிறேன். இந்த மாதிரிச் செய்திகள் எங்கள் ஓய்வூதியர் குரூப்புக்கு வாரம் ஒன்றாவது வரும். ஏன் பதில் போடுவதில்லை என்று சொல்கிறேன், உங்களுக்குப் பயன்படும்.

முதலாவது, மாடி. எனக்கு முழங்கால் வலி. எத்தனை மாடி என்று எந்தச் செய்தியிலும் இருக்காது. போய்ப் பார்த்து "முடியாது" என்று திரும்பினால் நமக்கும் சங்கடம், அவர்களுக்கும் சங்கடம். ஒரு முறை அப்படித் திரும்பியிருக்கிறேன். இரண்டாவது, இரவு எத்தனை மணிக்கு விடுவார்கள் என்று இருக்காது. மூன்றாவது, கரும்பலகை இருக்கிறதா? சிரிக்காதீர்கள். வெள்ளைப் பலகையில் மார்க்கர் காய்ந்து போயிருக்கும். கணக்கைக் காய்ந்த மார்க்கரில் நடத்த முடியாது. சாக்பீஸ் ஒரு பெட்டி இருந்தால் எவ்வளவோ செய்யலாம்.

பணத்தைப் பற்றிச் செய்தியில் எழுதாதீர்கள். என்னைப் போன்றவர்களுக்கு அது ஒரு மாதிரி இருக்கும். பென்ஷன் வருகிறது, நாங்கள் பணத்துக்காக வருவதில்லை.

கல்லூரி மூன்றாமாண்டு | 11 ஜூன், காலை 11.15

சார், எனக்கு நேர் எதிர். பணம் இல்லை என்றால் கேட்கவே யோசிப்பேன். மணலியிலிருந்து வந்து போக வேண்டும். ராத்திரி எட்டு மணிக்கு முடிந்தால் வழியில் ஏதாவது சாப்பிட வேண்டும். 1,500 என்று எழுதியிருந்தால் வீட்டில் சொல்லிவிட்டு வர முடியும். சும்மா போகிறேன் என்றால் அம்மா விட மாட்டார்கள்.

என்எஸ்எஸ் மணிநேரத்தில் சேருமா? வருஷத்துக்கு 120 மணி காட்ட வேண்டும்.

ஏழாவது மாடி | 11 ஜூன், மதியம் 2.00

ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

என்எஸ்எஸ் மணிநேரம்: உங்கள் கல்லூரித் திட்ட அலுவலர் ஒப்புக்கொண்டால்தான் சேரும். மையம் கொடுக்கிற கடிதத்தை அவர் ஏற்பாரா என்று முதலில் கேட்டுவிட்டு வாருங்கள் தம்பி. மாடிவகுப்பு, நீங்கள் "சான்றிதழ் உண்டு" என்று செய்தியில் போடாதீர்கள். போட்டால் சான்றிதழுக்கு வருகிறவர்கள் வருவார்கள், கிடைத்த மறுவாரம் காணாமல் போவார்கள். வருகைப் பதிவை ஒழுங்காக எழுதி வையுங்கள், கேட்கிறவருக்குக் கடைசியில் கொடுக்கலாம்.

கல்லூரிப் பிள்ளைகளை எடுத்தால் இன்னொரு விஷயம். நவம்பரில் செமஸ்டர், ஏப்ரலில் செமஸ்டர். நம் பத்தாம் வகுப்புக்கு மார்ச்சில் இருந்து தலைக்கு மேல் வேலை. அவர்கள் மேல் தப்பில்லை, காலண்டர் அப்படி. அதனால் பத்தாம் வகுப்புக்கு வேலை பார்க்கிறவரையோ ஓய்வு பெற்றவரையோ வையுங்கள். கல்லூரிப் பிள்ளைகளை ஆறு, ஏழாம் வகுப்புக்கு வையுங்கள். ஒரு மாசம் இல்லாவிட்டாலும் தாங்கும்.

பணம்: எழுத வேண்டும் என்பது என் கட்சி. "சம்பளம்" என்று வேண்டாம், "போக்குவரத்துக்கு மாதம் 1,500" என்று. அரசே இல்லம் தேடிக் கல்வியை 2021ல் ஆரம்பித்தபோது தன்னார்வலருக்கு மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை என்று சொல்லித்தான் ஆரம்பித்தது. அதனால் யாரும் சேவை இல்லை என்று சொல்லிவிடவில்லை. எழுதாமல் விட்டால், வந்தவர் கேட்கத் தயங்குவார், நீங்கள் சொல்லத் தயங்குவீர்கள். இரண்டு மாதம் கழித்து அவர் சொல்லாமல் நின்றுவிடுவார். வேண்டாம் என்கிறவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போகட்டும்.

வாத்தியார் ஐயா சொன்ன மாடி விஷயம் எனக்கே புதுசு. எங்கள் பக்கம் ஏழாவது மாடியில் வகுப்பு நடக்கிறது, லிஃப்டில் போகிறோம், வருகிறோம். எத்தனை பேர் இதனாலேயே வராமல் இருந்தார்களோ.

ஏழாவது மாடி | 11 ஜூன், மதியம் 2.40

செய்தியை இப்படி எழுதிப் பாருங்கள். இடம், நேரம் எல்லாம் உங்கள் வசதிக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

> பத்தாம் வகுப்புக் கணக்கு (தமிழ் வழி) சொல்லித்தர ஒருவர் தேவை. எம்.கே.பி. நகர் பஸ் நிலையம் அருகில், முதல் மாடி, கைப்பிடி உள்ள படி.
> செவ்வாய், வியாழன் மாலை 6.30 முதல் 8 வரை. ஜூலை 1 முதல் காலாண்டுத் தேர்வு வரை. 9 பிள்ளைகள்.
> பி.எட். தேவையில்லை. பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் உள்ள கணக்கைத் தானே போட முடிந்தால் போதும். போக்குவரத்துக்கு மாதம் ரூ.1,500.
> முடியும் என்று தோன்றினால் எனக்குத் தனியாக "கணக்கு" என்று மட்டும் அனுப்புங்கள், நானே கூப்பிடுகிறேன். ஜூன் 15, 2025 வரை.

இதற்கு மேல் வேண்டாம். நீண்டால் பாதியில் Read more என்று மடங்கிவிடும், தொட்டுப் படிக்கிறவர்கள் குறைவு. தலைவருக்கு அழியாச் செல்வம் வேண்டும் என்றால் கடைசியில் ஒரு வரி கொடுத்துவிடுங்கள். தலையில் வேண்டாம். நோட்டிஃபிகேஷனில் தெரிவது முதல் வரிதான்.

தேதியில் வருஷமும் இருக்கட்டும். ஏன் என்று பிறகு தெரியும்.

ஓஎம்ஆர்வாசி | 11 ஜூன், மாலை 4.15

ஃபார்ம் வேண்டாம், சரி. ஆனால் "தனியாக அனுப்புங்கள்" என்றால் நம்பரை சேவ் பண்ணி, தேடி, டைப் அடிக்கணும். அதிலும் ஆள் உதிரும். அதற்கு ஒரு வழி இருக்கிறது. இந்த லிங்கை செய்தியின் கடைசியில் போடுங்கள். தொட்டால் உங்கள் சாட் திறந்து வார்த்தையும் தயாராக இருக்கும், அனுப்பினால் போதும்.

```
https://wa.me/91XXXXXXXXXX?text=KANAKKU
```

எக்ஸ் உள்ள இடத்தில் உங்கள் பத்து இலக்க எண், நடுவில் இடைவெளி, கோடு எதுவும் கூடாது. ஆங்கிலத்தில் எழுத வேண்டும் என்று இன்னும் நினைக்கிறேன்.

ஏழாவது மாடி | 11 ஜூன், மாலை 4.30

லிங்க் அருமை, எடுத்துக்கொள்கிறேன். ஆங்கிலம் வேண்டாம். தமிழில் எழுதியதை வாசிக்க முடியாதவர் தமிழ் வழிப் பிள்ளைக்கு எப்படிச் சொல்லித்தருவார்? செய்தியே முதல் சல்லடை.

மாடிவகுப்பு | 12 ஜூன், இரவு 9.10

போட்டாயிற்று. தலைவர் கடைசி வரியில் சமாதானமானார். மொத்தமாக எல்லாக் குரூப்பிலும் தள்ளாமல் மூன்றில் மட்டும் போட்டேன். அபார்ட்மென்ட் குரூப், எங்களிடம் படித்துப்போன பழைய பிள்ளைகள் குரூப், ஒரு பேங்க் ஊழியர் குரூப். நாலாவதாக ஓய்வூதியர் குரூப்புக்கு வாத்தியார் ஐயா தானே அனுப்பினார். "பணத்தை எடுத்துவிட்டு அனுப்பினேன்" என்கிறார். என்ன செய்வது!

அபார்ட்மென்ட்டில் ஒரு கும்பிட்ட கை. பழைய பிள்ளைகள் குரூப்பில் ஒரு மணி நேரத்தில் மூன்று KANAKKU.

ஏழாவது மாடி | 12 ஜூன், இரவு 9.20

இன்றைக்கே கூப்பிடுங்கள். நாளைக்கு என்று வைக்காதீர்கள். அனுப்பின கையோடு இருக்கிற துணிச்சல் காலையில் இருக்காது. போனில் நீங்கள் மையத்தைப் பற்றிப் பேச வேண்டாம், கேட்டுக்கொள்ளுங்கள். "எந்த வண்டியில் வருவீங்க, எங்கே இருந்து, ஆபீஸ் எத்தனை மணிக்கு விடும்" என்று. இதற்குப் பதில் சொல்லத் திணறுகிறவர் வர மாட்டார். சமுதாயத்துக்கு ஏதாவது செய்யணும் என்று நெடுநேரம் பேசுகிறவரும் பெரும்பாலும் வருவதில்லை. "வண்டி நிறுத்த இடம் இருக்கா?" என்று கேட்கிறவர் வருவார்.

மாடிவகுப்பு | 13 ஜூன், இரவு 11.00

அப்படியே. ஒருவர் அரை மணி நேரம் அப்துல் கலாம் பற்றிப் பேசினார். செவ்வாய்க்கிழமை என்றதும் "ஆன்லைன்ல எடுக்கலாமா?" என்றார். இன்னொருவர், எங்களிடமே பத்தாவது படித்தவர், இப்போது பாடியில் ஒரு கம்பெனியில் இன்ஜினியர். அவர் கேட்டது இரண்டே கேள்வி. ஷிஃப்ட் மாறினால் ஒரு நாள் தள்ளிப்போடலாமா, மழை பெய்தால் வகுப்பு உண்டா? மழை பெய்தால் தண்ணீர் தேங்கும் கணேசபுரம் சப்வே பற்றித் தெரிந்தவர் கேட்கும் கேள்வி. பேங்கிலிருந்து ஒரு பெண்மணி, திருவொற்றியூரிலிருந்து வருவாராம். சாதாரணப் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, அதனால் 1,500ல் ஆயிரத்தை நோட்டுப் புத்தகத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்கிறார்.

பெயர் வேண்டாம் | 14 ஜூன், காலை 8.30

யாரும் இதைச் சொல்லவில்லை, அதனால் சொல்கிறேன். செய்தி மூன்று குரூப்போடு நிற்காது. யார் கைக்கும் போகும். அதில் இடம், நேரம், "9 பிள்ளைகள்" எல்லாம் இருக்கிறது. நாங்கள் வேறு இடத்தில் நடத்தியபோது ஒருவர் செய்தியைப் பார்த்துவிட்டு நேராக வகுப்புக்கே வந்துவிட்டார், யாருக்கும் சொல்லாமல். மிட்டாய் வாங்கி வந்திருந்தார். முதல் நாளே பிள்ளைகளின் போன் நம்பர் கேட்டார், சந்தேகம் கேட்க வசதியாக இருக்கும் என்று. அன்றோடு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். நல்லவராகவே இருந்திருக்கலாம், தெரியாது.

அப்புறம் விதி வைத்தோம். புது ஆள் தனியாக அறையில் இருக்கக் கூடாது, இன்னொரு பெரியவர் எப்போதும் இருக்க வேண்டும். கதவு திறந்தே இருக்கும். பிள்ளைகள் நம்பர் யாருக்கும் இல்லை, பெற்றோர் வழியாகத்தான் பேச்சு. புகார் என்றால் யாரிடம் சொல்வது என்று சுவரில் எழுதி, கீழே 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும். தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் நன்னடத்தைச் சரிபார்ப்புக்கு விண்ணப்பிக்கும் வசதியும் இருக்கிறது.

ஓய்வுபெற்ற வாத்தியார் | 14 ஜூன், காலை 9.10

எழுபது வயதில் நான் போலீஸ் சான்று வாங்க வேண்டுமா? இத்தனை ஆண்டு வகுப்பறையில் நின்றவன்.

பெயர் வேண்டாம் | 14 ஜூன், காலை 9.25

ஐயா, உங்களிடம் கேட்காமல் புதுப் பையனிடம் மட்டும் கேட்டால் அவனுக்கு அவமானமாக இருக்கும். எல்லோரிடமும் கேட்டால் யாருக்கும் இல்லை.

ஏழாவது மாடி | 14 ஜூன், மதியம் 1.00

எல்லோருக்கும் போலீஸ் சரிபார்ப்பு எங்களால் முடிந்ததில்லை. அடையாள அட்டை நகல், தெரிந்த இரண்டு பேரிடம் விசாரிப்பது, தனியாக விடாதது, இந்த மூன்றையும் விட்டதில்லை. அது போதுமா என்று கேட்டால் நெஞ்சில் கைவைத்துப் போதும் என்று சொல்ல மாட்டேன்.

மாடிவகுப்பு, இடத்தைப் "பஸ் நிலையம் அருகில்" என்று மட்டும் போட்டது இதற்காகத்தான். கதவு எண்ணைப் போனில் பேசின பிறகு கொடுங்கள். பிள்ளைகள் எண்ணிக்கையை எடுத்துவிடலாம், அவர் சொல்வது சரி.

மாடிவகுப்பு | 20 ஜூன், இரவு 10.30

மூன்று பேரையும் சும்மா வந்து உட்கார்ந்து பார்க்கச் சொன்னேன். பாடம் எடுக்க வேண்டாம், அறையைப் பாருங்கள், பிள்ளைகளைப் பாருங்கள் என்று. கலாம் சார் வரவில்லை. இன்ஜினியர் வந்தார், பேங்க் மேடம் வந்தார்.

இன்ஜினியர் ஒரு கணக்கு போடுகிறேன் என்று பலகைக்குப் போனார். கல்லூரியில் ஆங்கிலத்தில் படித்ததால் அவர் வாயில் குவாட்ரடிக் ஈக்வேஷன்தான் வருகிறது. பிள்ளைகளுக்கு அது இருபடிச் சமன்பாடு. "ஃபேக்டரைஸ் பண்ணுங்க" என்றார், ஒன்பது பேரும் முழித்தார்கள். காரணிப்படுத்துதல் என்று ஒரு பெண் மெதுவாகச் சொன்னதும், "ஆமா, அதேதான், இதே ரூம்ல நானும் அப்படித்தான் படிச்சேன்" என்று சிரித்துவிட்டார். பாடநூல் கழகப் புத்தகம் இரண்டு வழியிலும் இணையத்தில் இலவசமாக இருக்கிறதே, இரண்டையும் போனில் இறக்கிக்கொண்டார். அடுத்த முறை வரும்போது கையில் ஒரு துண்டுச் சீட்டு. இடப் பக்கம் ஆங்கிலச் சொல், வலப் பக்கம் தமிழ்ச் சொல்.

ஓஎம்ஆர்வாசி | 20 ஜூன், இரவு 10.50

அப்போ செய்தியைத் தமிழில் எழுதியும் சல்லடையில் இது மாட்டவில்லை.

ஏழாவது மாடி | 21 ஜூன், காலை 7.00

மாட்டவில்லைதான். அதனால்தான் சும்மா வந்து உட்காரச் சொல்வது. பாதிப் பேர் வழியிலேயே உதிர்வது இயல்பு. செய்தியில் தொடங்கி முதல் வகுப்பு வரைக்கும் ஒவ்வொரு படியிலும் ஆள் குறையும். அதனால் ஒருவர் தேவை என்றால் மூன்று பேரிடமாவது பேசி வையுங்கள். மீதி ஆளைத் திருப்பி அனுப்ப வேண்டாம், பேங்க் மேடத்தை மாற்று ஆளாக வையுங்கள். இன்ஜினியருக்கு ஷிஃப்ட் மாறும் நாளில் தேவைப்படும்.

மாடிவகுப்பு | 3 ஜூலை, இரவு 9.40

வகுப்பு ஓடுகிறது. செவ்வாய் இன்ஜினியர், வியாழன் பேங்க் மேடம் என்று அவர்களே பிரித்துக்கொண்டார்கள். எனக்கு முதலில் பிடிக்கவில்லை, ஒரே பாடத்துக்கு இரண்டு வாத்தியார் என்றால் பிள்ளைகள் குழம்பும் என்று. இப்போது ஒரு நோட்டில் அன்றன்று எதுவரை நடந்தது, எந்தப் பயிற்சி வீட்டுப்பாடம் என்று எழுதி வைத்துவிட்டுப் போகிறார்கள். அந்த நோட்டு மேசையிலேயே இருக்கும்.

பணத்தில் மேடம் ஐநூறு மட்டும் எடுத்துக்கொள்கிறார். இன்ஜினியர் வேண்டாம் என்றார், கட்டாயப்படுத்திப் பெட்ரோலுக்குக் கொடுத்தோம். வாத்தியார் ஐயா இன்னும் என் மேல் கோபமாக இருக்கிறார்.

ஓய்வுபெற்ற வாத்தியார் | 4 ஜூலை, காலை 5.50

கோபம் இல்லை. பணம் வாங்கிக்கொண்டு வருகிறவர், வேறு இடத்தில் கூடக் கிடைத்தால் போய்விடுவார். அதைத்தான் சொன்னேன்.

கல்லூரி மூன்றாமாண்டு | 4 ஜூலை, காலை 10.00

பணம் வாங்காதவரும் போய்விடுவார் சார், சொல்லாமல்.

மாடிவகுப்பு | 11 ஜூலை, இரவு 8.15

அக்கா வருஷம் எழுதச் சொன்னது ஏன் என்று இப்போது புரிகிறது. நேற்றும் இன்றும் KANAKKU வந்துகொண்டே இருக்கிறது. யாரோ எங்கேயோ ஃபார்வர்டு செய்திருக்கிறார்கள், அது சுற்றிக்கொண்டிருக்கிறது. நான் குரூப்பில் அழித்தாலும் ஃபார்வர்டு போனது போனதுதான், அதை அழிக்க முடியாது. தலைவரின் பழைய செய்தியும் இன்னொரு பக்கம் சுற்றுகிறது, அதில் தேதியே கிடையாது, போட்டோவோடு. அதை நிறுத்த வழி இருக்கிறதா?

ஏழாவது மாடி | 11 ஜூலை, இரவு 8.40

நிறுத்த முடியாது. போட்ட குரூப்புகளில் எல்லாம் "கணக்குக்கு ஆள் கிடைத்துவிட்டார், நன்றி, இனி அனுப்ப வேண்டாம்" என்று ஒரு வரி போடுங்கள். பார்க்கிறவர்களில் சிலராவது அடுத்து அனுப்ப மாட்டார்கள். தாமதமாக வருகிற KANAKKUவுக்குப் பதில் போடாமல் விடாதீர்கள். பெயர், எந்தக் கிழமை முடியும் என்று மட்டும் கேட்டு ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். அக்டோபரில் மழை தொடங்கும்போது யாராவது நிற்பார்கள், அப்போது புதுச் செய்தி போடாமல் அந்த நோட்டைத் திறக்கலாம்.

மாடிவகுப்பு | 12 ஜூலை, காலை 7.30

சரி. எட்டாம் வகுப்பு ஆங்கிலத்துக்கு இப்படி எழுதியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்:

> எட்டாம் வகுப்பு ஆங்கிலம் வாசிக்கப் பழக்க ஒருவர் தேவை. சனிக்கிழமை மட்டும், காலை 10 முதல் 11.30 வரை. எம்.கே.பி. நகர் பஸ் நிலையம் அருகில், முதல் மாடி. ஆகஸ்ட் 2 முதல் காலாண்டு வரை. இலக்கணம் எடுக்க வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளைகள் வாசிப்பதைக் கேட்டால் போதும். போக்குவரத்துக்கு மாதம் ரூ.600. "ENGLISH" என்று அனுப்புங்கள். ஜூலை 20, 2025 வரை.

ஓய்வுபெற்ற வாத்தியார் | 12 ஜூலை, காலை 7.45

கைப்பிடி உள்ள படி என்பதை விட்டுவிட்டீர்கள். சனிக்கிழமை காலை என்றால் நான் வரலாம். ஆனால் ஆங்கிலம் எனக்கு வராது.

மாடிவகுப்பு | 12 ஜூலை, காலை 8.00

ஐயா, அதே நேரத்தில் பக்கத்து அறையில் ஏழாம் வகுப்புக்குப் பின்னங்கள் எடுக்க ஆள் இல்லை. சாக்பீஸ் வாங்கி வைக்கிறேன். எதற்கும் அடையாள அட்டை நகல் ஒன்று கொண்டு வாருங்கள்.

ஓய்வுபெற்ற வாத்தியார் | 12 ஜூலை, காலை 8.20

தூசி பறக்காத சாக்பீஸ். சாதா வேண்டாம், இருமல் வருகிறது. நகல் பற்றி நேரில் பேசிக்கொள்ளலாம்.